வியாழக்கிழமை இருப்பு: ஒழுங்கில்லாத பணவரவும் இரண்டு சூத்திரங்களும்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பணம் வெளியே போவது ஏறக்குறைய ஒரே சீராக நடக்கிறது. நூல் மில்லுக்கும், நிட்டிங், டையிங் பட்டறைகளுக்கும், மின்கட்டணத்துக்கும் தினமும் ஏதோ ஒரு தொகை போகும். சனிக்கிழமை மட்டும் வாரச் சம்பளமும், வெளியே தைத்துக் கொடுத்தவர்களின் ஜாப் ஒர்க் பாக்கியும் சேர்ந்து பெரிய தொகையாகப் போகும். உள்ளே வருவது அப்படியல்ல. வெளிநாட்டு வாங்குபவர் ஒரு ஷிப்மென்ட்டுக்குப் பணம் அனுப்பினால் ஒரே நாளில் 30 லட்சம் வரும். பிறகு ஒரு வாரத்துக்கு ஒன்றும் வராது.

இந்த நிறுவனத்தின் நடப்புக் கணக்கில் எவ்வளவு பணம் கிடக்க வேண்டும்? நடப்புக் கணக்குக்கு வங்கி வட்டி தருவதில்லை. லிக்விட் ஃபண்டில் போட்டால் ஏதோ ஒரு வருமானம் உண்டு; ஆனால் போடுவதற்கும் எடுப்பதற்கும் செலவும் வேலையும் இருக்கின்றன. இந்த இழுபறிக்கு நிதி மேலாண்மைப் பாடநூல்கள் இரண்டு விடைகளைத் தருகின்றன. ஒன்று வர்க்கமூலத்தில் முடிகிறது, மற்றொன்று கனமூலத்தில். இரண்டையும் ஒரே நிறுவனத்தில் பொருத்திப் பார்த்தால், சூத்திரம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது தெரியும். கணக்கு தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கீழே வரும் தொகைகளை நானே அமைத்திருக்கிறேன்.

வர்க்கமூல விதியை வில்லியம் பாமோல் 1952இல் வெளியிட்டார். கிடங்கில் எவ்வளவு சரக்கு வைப்பது என்ற கேள்விக்கு ஃபோர்டு ஹாரிஸ் 1913இலேயே கண்டிருந்த விடையைப் பணத்துக்குப் பொருத்தினார். பிரெஞ்சுப் பொருளியலாளர் மோரிஸ் அலே இதே முடிவை 1947இலேயே எட்டியிருந்தார் என்பதைப் பாமோலும் ஜேம்ஸ் டோபினும் பிற்காலத்தில் எழுதி ஒப்புக்கொண்டார்கள்.

விதியின் உள்ளடக்கம் எளிமையானது. ஆண்டு முழுவதற்கும் தேவையான பணம் முதலீட்டில் இருக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தொகையை எடுக்கிறோம். அது சீராகக் கரைந்து பூஜ்யம் ஆனதும் மறுபடி எடுக்கிறோம். அதிகமாக எடுத்தால் வட்டி இழப்பு கூடும். கொஞ்சமாக எடுத்தால் அடிக்கடி எடுக்கும் செலவு கூடும். இரண்டும் சமமாகும் இடத்தில் மொத்தச் செலவு மிகக் குறைவு.

C = √(2bT / i)

C என்பது ஒவ்வொரு முறையும் எடுக்கும் தொகை, T ஆண்டுச் செலவு, b ஒரு பரிமாற்றத்தின் செலவு, i ஆண்டு வட்டி. நம் நிறுவனத்தின் ஆண்டுச் செலவு 15 கோடி ரூபாய், வட்டி 6 சதவீதம், ஒரு பரிமாற்றத்துக்கு 1,000 ரூபாய் என்று வைப்போம். விடை 22.36 லட்சம். ஆண்டுக்கு 67 முறை எடுக்க வேண்டும். கணக்கில் சராசரியாக 11.18 லட்சம் இருக்கும். எடுக்கும் செலவு 67,000 ரூபாய், வட்டி இழப்பும் அதே 67,000 ரூபாய். இந்தச் சமநிலைதான் வர்க்கமூல விதியின் அடையாளம்.

அந்த 1,000 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயம். அதில் பெரும்பகுதி மனித நேரம்: கணக்காளர் இருப்பைப் பார்த்து, உத்தரவைத் தயாரித்து, முதலாளியின் ஒப்புதல் வாங்கி, மறுநாள் சரிபார்ப்பது. மீதி நேரடிச் செலவு. 2020 ஜூலையிலிருந்து ஃபண்ட் வாங்கும்போது 0.005 சதவீதம் முத்திரைத் தீர்வை உண்டு. 2019 அக்டோபரிலிருந்து லிக்விட் ஃபண்டை ஏழு நாளுக்குள் விற்றால் வெளியேறும் கட்டணமும் உண்டு; முதல் நாளே விற்றால் அது 0.0070 சதவீதம். 25 லட்சத்துக்கு இவை முறையே 125 ரூபாய், 175 ரூபாய். இரண்டும் தொகையோடு வளர்பவை. சூத்திரமோ b என்பது தொகை எதுவானாலும் மாறாதது என்று எடுத்துக்கொள்கிறது. நம் நிறுவனத்தின் அளவில் மனித நேரமே பெரியது என்பதால் அந்த எடுகோள் தாங்கும். கோடிகளில் பரிமாறும் நிறுவனத்துக்குத் தாங்காது. அங்கே இருப்புக்கு மேலும் கீழும் எல்லை வைத்து, அதைத் தாண்டிய தொகையை மட்டும் எல்லைக்குள் கொண்டுவந்தால் போதும் என்பதை யூஜின் ஃபாமாவும் கேரி எப்பனும் 1969இல் காட்டினார்கள்.

வர்க்கமூல விதியின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதன் உலகில் பணம் ஒரே திசையில்தான் ஓடுகிறது. புதன்கிழமை திடீரென்று 30 லட்சம் வந்தால் அதை என்ன செய்வது என்று அந்த விதிக்குத் தெரியாது. மேல் எல்லை என்ற ஒன்றே அதில் கிடையாது. அடுத்த வாரம் எவ்வளவு தேவைப்படும் என்ற ஐயமும் அதில் இல்லை. நம் நிறுவனத்தின் 12 வேலைநாள் நிகர ஓட்டத்தைப் பார்த்தால் இது விளங்கும். எண்கள் லட்சத்தில், திங்கள் முதல் சனி வரை.

முதல் வாரம்: −3, −6, +28, −4, −2, −16
இரண்டாம் வாரம்: −5, −9, +2, +31, −3, −13

மெர்ட்டன் மில்லரும் டேனியல் ஓரும் 1966இல் வெளியிட்ட கட்டுரை இந்த மாதிரி ஓட்டத்துக்காகவே எழுதப்பட்டது. வர்க்கமூல விதியில் எல்லாம் நிச்சயம் என்றால், இவர்கள் மறுகோடிக்குப் போனார்கள்: நாளைய இருப்பு கூடுமா குறையுமா என்பது காசு சுண்டிப் பார்ப்பது போல முழுக்கத் தற்செயல் என்று வைத்துக்கொண்டார்கள். அப்படியானால் எப்போது பணத்தை நகர்த்துவது? இரண்டு எல்லைகளை வகுத்து, இருப்பு அவற்றுக்கிடையே அலைய விட்டுவிடலாம். மேல் எல்லையைத் தொட்டால் மிகுதியை முதலீட்டுக்கு அனுப்பித் திரும்பும் அளவுக்கு இறக்க வேண்டும். கீழ் எல்லையைத் தொட்டால் முதலீட்டை விற்றுத் திரும்பும் அளவுக்கு ஏற்ற வேண்டும். நடுவில் இருக்கும்வரை எதையும் தொடக் கூடாது.

Z = ∛(3bσ² / 4i)

கீழ் எல்லை L என்றால் திரும்பும் அளவு L + Z, மேல் எல்லை L + 3Z. σ² என்பது ஒரு நாள் ஓட்டத்தின் விலக்க வர்க்கச் சராசரி. திரும்பும் அளவு பட்டையின் நடுவில் இல்லாமல் மூன்றில் ஒரு பங்கில் இருப்பதற்குக் காரணம் உண்டு. நடுவில் வைத்தால் எல்லைகளைத் தொடுவது மிக அரிதாகும். ஆனால் கணக்கில் அதிகப் பணம் தூங்கும். கொஞ்சம் கீழே இறக்கினால் பரிமாற்றம் சற்றுக் கூடினாலும் வட்டி மிச்சமாகும். இரண்டையும் எடைபோட்டால் மூன்றில் ஒன்று என்று வருகிறது. சராசரி இருப்பு Z அல்ல, L-க்கு மேல் 4Z/3 என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பட்டையின் பெரும்பகுதி திரும்பும் அளவுக்கு மேலே இருப்பதால் சராசரி அதைவிட உயரமாக நிற்கிறது.

இப்போது கணக்கு. 12 நாள்களின் கூட்டுத்தொகை பூஜ்யம். எனவே ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 2,354; பன்னிரண்டால் வகுத்தால் ஏறக்குறைய 196; திட்டவிலக்கம் 14 லட்சம். வட்டியை இங்கே நாள் கணக்குக்கு மாற்றியாக வேண்டும். ஆண்டுக்கு 300 வேலைநாள் என்றால் ஒரு வேலைநாளுக்கு 0.0002. இந்த மாற்றத்தை மறந்து ஆண்டு வட்டி 0.06ஐ அப்படியே போட்டால் Z ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கணக்கு தவறிவிட்டது என்பதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது: Z ஒரு நாள் திட்டவிலக்கத்தைவிடப் பல மடங்கு சிறியதாக வந்தால், நாளும் ஆண்டும் கலந்துவிட்டன என்று சந்தேகிக்கலாம்.

சரியாகப் போட்டால் Z = 19.4 லட்சம். கீழ் எல்லையை 10 லட்சம் என்று வைத்தால் திரும்பும் அளவு 29.4 லட்சம், மேல் எல்லை 68.3 லட்சம். கீழ் எல்லைக்கு மேலே சராசரியாக 25.9 லட்சம் இருக்கும்; ஆண்டுக்கு 78 பரிமாற்றங்கள். பரிமாற்றச் செலவு 78,000 ரூபாய், அந்த 25.9 லட்சத்தின் வட்டி இழப்பு 1,55,000 ரூபாய். வர்க்கமூல விதியில் சமமாக இருந்த இரண்டும் இங்கே ஒன்றுக்கு இரண்டு. ஒழுங்கின்மைக்கு நிறுவனம் கொடுக்கும் விலை இந்த இடைவெளியில் தெரிகிறது. 11 லட்சம் வைத்திருந்தால் போதும் என்ற இடத்தில் 26 லட்சம் வைக்க வேண்டியிருக்கிறது, கீழ் எல்லையைச் சேர்க்காமலே.

ஒரே விற்பனை கொண்ட இரண்டு நிறுவனங்களுக்கு ஏன் வேறு வேறு இருப்பு தேவைப்படுகிறது என்பதற்கும் இங்கே பதில் கிடைக்கிறது. வர்க்கமூல விதிக்கு மொத்தச் செலவு மட்டுமே கண்ணில் படும். மில்லர், ஓர் இருவரின் கட்டுப்பாட்டு எல்லை விதி தொகை எப்படித் துண்டுபட்டு வருகிறது என்று பார்க்கிறது. நம் 12 நாள்களில் இரண்டே வரவுகள் 2,354இல் 1,745ஐக் கொண்டுவருகின்றன. நான்கில் மூன்று பங்கு. அதே பணம் பத்து சிறு வாங்குபவர்களிடமிருந்து வெவ்வேறு நாளில் வந்திருந்தால் σ² பெருமளவு இறங்கியிருக்கும். மூன்று பெரிய வாங்குபவர்களை நம்பியிருக்கும் ஏற்றுமதியாளர், தன் ரொக்க இருப்பிலும் அதற்காக ஒரு செலவைச் சுமக்கிறார்.

சூத்திரம் தந்த எல்லைகளை இனி ஓட்டிப் பார்ப்போம். 29.4 லட்சத்தில் தொடங்கினால் முதல் வாரம் 26.4, 20.4, 48.4, 44.4, 42.4, 26.4 என்று போகிறது. இரண்டாம் வாரம் 21.4, 12.4, 14.4, 45.4, 42.4, 29.4. ஒரு முறைகூட எல்லையைத் தாண்டவில்லை. சூத்திரத்தின்படி 12 நாளில் மூன்று பரிமாற்றங்கள் எதிர்பார்க்கப்படுகின்றன, நடந்தது பூஜ்யம்.

இரண்டு வாரத்தை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. ஆனாலும் காரணம் இதிலேயே தெரிகிறது. காசு சுண்டும்போது நேற்றைய விழுகை இன்றையதைப் பாதிக்காது. நிறுவனத்தின் பணம் அப்படி ஓடுவதில்லை. ஷிப்மென்ட் பணம் வந்தால் அது நூலுக்கும் கூலிக்கும் போகத்தான் வந்திருக்கிறது; பெரிய வரவைத் தொடர்ந்து செலவுகள் வரிசையாக வரும். அதனால் ஒரு நாள் ஆட்டம் பெரிதாக இருந்தாலும் வார முடிவில் அது அடங்கிவிடுகிறது. இதைச் சோதிப்பது சுலபம். ஒவ்வொரு நாளும் உண்மையிலேயே தனித்தனி என்றால் ஆறு நாள் கூட்டுத்தொகையின் திட்டவிலக்கம் 14 × √6, அதாவது ஏறக்குறைய 34 லட்சம் இருக்க வேண்டும். நம் இரண்டு வாரக் கூட்டுத்தொகைகளோ −3, +3. ஓராண்டின் 52 வாரங்களை எடுத்து இந்தத் திட்டவிலக்கம் 17 லட்சம் என்று வந்தால், சூத்திரத்தில் போட வேண்டிய நாள் அளவு 14 அல்ல, 7. அப்போது Z 12.2 லட்சமாகக் குறையும்.

உடனே அந்த 12.2ஐ எடுத்துக்கொள்ளலாமா என்றால், அதிலும் ஒரு சிக்கல். இப்போது பட்டையின் மொத்த அகலம் 36.7 லட்சம். திரும்பும் அளவிலிருந்து ஒரே ஒரு 31 லட்ச வரவு வந்தாலே மேல் எல்லையைத் தாண்டிவிடும். மில்லர், ஓர் கணக்கில் இருப்பு சிறு சிறு அடிகளாக நகர்கிறது. நம் நிறுவனத்தில் அது குதிக்கிறது. ஆக ஒரு காரணம் பட்டையைச் சுருக்கச் சொல்கிறது, இன்னொன்று சுருக்காதே என்கிறது. இந்த இடத்தில் சூத்திரத்தைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொண்டு, கடந்த ஆண்டின் வங்கி அறிக்கையை எக்செல் தாளில் போட்டு ஓட்டிப் பார்ப்பதே சரி என்பது என் கருத்து. B நெடுவரிசையில் நாள்தோறும் நிகர ஓட்டம், C-யில் இருப்பு, H1-இல் திரும்பும் அளவு, H2-இல் மேல் எல்லை, H3-இல் கீழ் எல்லை.

```
=IF(OR(C2+B3>=$H$2, C2+B3<=$H$3), $H$1, C2+B3)
```

Z-ஐ 12, 16, 20, 24 என்று மாற்றி, ஒவ்வொன்றிலும் எத்தனை பரிமாற்றம், எவ்வளவு சராசரி இருப்பு என்று எண்ணினால் போதும். மில்லரும் ஓரும் தங்கள் விதியைச் சோதித்த வழியும் இதுதான். யூனியன் டேங்க் கார் என்ற அமெரிக்க நிறுவனத்தின் உண்மையான தினசரி ஓட்டத்தின் மீது விதியை ஓட்டி, அதன் நிதிப்பிரிவு அதே நாள்களில் எடுத்த முடிவுகளோடு ஒப்பிட்டார்கள். விதி குறைந்த சராசரி இருப்பிலேயே சமாளித்தது.

தாளில் ஓட்டும்போது இன்னொன்றும் தெரியவரும்: Z சற்றுத் தவறினாலும் பெரிய நட்டமில்லை. b-ஐ இருமடங்காகத் தவறாக மதிப்பிட்டால் Z 26 சதவீதம் கூடும்; மொத்தச் செலவு 5 சதவீதம்தான் கூடும். நம் நிறுவனத்துக்கு அது ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கும் குறைவு. இதனால்தான் Z-ஐத் தசமப் புள்ளி வரை துல்லியமாக்க மெனக்கெடுவதை நான் வீண் என்று நினைக்கிறேன். உண்மையான ஆபத்து, சூத்திரம் கணக்கிடாமல் நம்மிடமே விட்டுவிட்ட கீழ் எல்லையில் இருக்கிறது.

இரண்டாம் வாரத்தை மறுபடி பார்ப்போம். வியாழன் வர வேண்டிய 31 லட்சம் இம்முறை வரவில்லை என்று கொள்வோம். வாங்குபவரின் வங்கியில் ஆவணம் ஏதோ சரிபார்க்கப்படுகிறது, அடுத்த வாரம்தான் வரும். அன்று வேறு வரவும் செலவும் இல்லை என்று வைப்போம். புதன் முடிவில் இருந்த 14.4 லட்சம் வியாழனும் அப்படியே நிற்கிறது. வெள்ளி மாலை 11.4. கீழ் எல்லை 10 லட்சம், இன்னும் தொடவில்லை, விதி அமைதியாக இருக்கிறது. சனிக்கிழமை சம்பளத்துக்கும் ஜாப் ஒர்க்குக்கும் 13 லட்சம் வேண்டும். கணக்கில் 1.6 லட்சம் குறைகிறது.

சனிக்கிழமை காலையில் விதி விழித்துக்கொண்டு என்ன பயன்? லிக்விட் ஃபண்டை விற்றால் பணம் அடுத்த வேலைநாளில்தான் வரும். வியாழன் மாலை மூன்று மணிக்குள் விற்கச் சொன்னால் வெள்ளி கணக்கில் இருக்கும். வெள்ளிக்கிழமை சொன்னால் திங்கள்கிழமைதான். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் இரவு பகல் எல்லா நாளும் இயங்குகின்றன. ஆனால் அவை கணக்கில் ஏற்கெனவே இருக்கும் பணத்தைத்தான் நகர்த்தும். முதலீட்டைப் பணமாக்கும் சந்தைக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. மில்லர், ஓர் விதியில் பரிமாற்றம் உடனே முடிகிறது. திருப்பூரில் அதற்கு ஒரு நாள் ஆகும், வார இறுதியில் மூன்று நாள் ஆகும்.

கீழ் எல்லையை 10இலிருந்து 20 லட்சமாக உயர்த்துவது ஒரு தீர்வு. அந்தக் கூடுதல் 10 லட்சத்துக்கு ஆண்டு முழுவதும் வட்டி போகும்: 60,000 ரூபாய். Z-இல் ஒரு பெரிய தவறு செய்வதைவிட ஐந்து மடங்கு செலவு. வாரத்தில் ஒரு நாள் வரும் தேவைக்காக மற்ற நாள்களிலும் காவல் போடுவது அது.

இதைவிடச் சிக்கனமான வழி, தெரிந்ததையும் தெரியாததையும் பிரிப்பது. சனிக்கிழமைச் செலவு நம் 2,354இல் 425ஐக் கொண்டுவருகிறது. ஆனால் அதில் தற்செயல் எதுவுமில்லை. தேதி தெரியும், தொகையும் ஓரிரு லட்சத்துக்குள் தெரியும். அதை σ²-க்குள் போட்டுக் கலப்பது, தெரிந்ததைத் தெரியாதது போல நடத்துவதாகும். எனவே எல்லைகளை இன்றைய இருப்பின் மீது வைக்காமல், பணமாக்கும் காலம் கடந்தபின் இருக்கப்போகும் இருப்பின் மீது வைக்க வேண்டும். வியாழக்கிழமை மதியம் கணக்காளர் பார்க்க வேண்டிய எண் 14.4 அல்ல. அதிலிருந்து வெள்ளிக்கிழமையின் 3ஐயும் சனிக்கிழமையின் 13ஐயும் கழித்து வரும் −1.6. அது 10க்குக் கீழே இருப்பதால் விதி அப்போதே செயல்படும்: 31 லட்சத்துக்கு விற்பனை உத்தரவு, சனி இரவு இருப்பு 29.4. தாமதித்த 31 லட்சம் அடுத்த வாரம் வந்தாலும் இருப்பு 60 லட்சத்தைச் சுற்றி நிற்கும். மேல் எல்லை தாண்டாது. வரவைப் பொறுத்தவரை எதிர் விதி: வாங்குபவர் அனுப்பிவிட்டதாகச் சொன்ன பணத்தை, கணக்கில் விழும்வரை இந்தக் கூட்டலில் சேர்க்கக் கூடாது. செலவில் தேதி நம் கையில், வரவில் இன்னொருவர் கையில்.

இப்படிப் பிரித்தால் இரண்டு விதிகளும் ஒன்றோடொன்று போட்டியிடுவதில்லை. நாள் தெரிந்த சீரான செலவை வர்க்கமூலக் கணக்கின் வழியில் திட்டமிடலாம். தீபாவளி போனஸ் போன்ற பெரிய தொகைக்கு எந்தச் சூத்திரமும் தேவையில்லை. அந்தத் தேதிக்கு முதிரும் வைப்பு போதும். மீதமிருக்கும் ஐயத்துக்குத்தான் கட்டுப்பாட்டு எல்லைகள்.

இதுவரை பார்த்த நிறுவனத்துக்குக் கடன் இல்லை. ஆனால் இதே அளவிலான பல நிறுவனங்கள் கேஷ் கிரெடிட் கணக்கில்தான் ஓடுகின்றன. வரும் பணமெல்லாம் கடனைக் குறைக்கிறது, போகும் பணமெல்லாம் கடனைக் கூட்டுகிறது, வரம்புக்குள் எடுக்கத் தனிச் செலவில்லை. b பூஜ்யத்தை நெருங்கும்போது இரண்டு சூத்திரங்களும் ஒரே விடையைத் தருகின்றன: கையிருப்பு பூஜ்யம். அதனால் கேள்வி மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. அங்கே கண்காணிக்க வேண்டிய எண், டிராயிங் பவரில் இன்னும் எடுக்காமல் மீதமிருக்கும் தொகை. வாங்குபவர் பணம் தாமதிக்கும்போது இந்த மீதம் இரண்டு பக்கமும் சுருங்குகிறது: வரவு இல்லாததால் கடன் ஏறுகிறது, அதே பாக்கி வங்கி ஏற்கும் நாள் கெடுவைத் தாண்டிப் பழையதாகிவிட்டால் டிராயிங் பவர் கணக்கிலிருந்து நீக்கப்பட்டு வரம்பும் இறங்குகிறது. சனிக்கிழமைச் சம்பளத்துக்கு வேண்டிய 13 லட்சம் அந்த மீதத்தில் இருக்கிறதா என்பதையும் வியாழக்கிழமையே பார்த்தாக வேண்டும். ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வங்கிக்குப் போகும் வாரத்தில், இறங்கப்போகும் வரம்பைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.